மூன்று மாதச் சம்பளமும் ஒரு கையெழுத்தும்

அமீரகத்தில் நான்கு ஆண்டு கம்பி கட்டும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச ஆலோசனை மையத்தில், நான் வழக்கறிஞராக உட்கார்ந்திருந்த நாளில் வந்தார். ஒரு பிளாஸ்டிக் கவரை மேசைமேல் கவிழ்த்தார். பாஸ்போர்ட், மடிப்பில் கிழிந்த ஒப்பந்தம், சம்பளம் ஏறிய கார்டு, பழைய செல்போன்.

"மூணு மாசச் சம்பளம் தரலை மேடம். பன்னிரண்டாயிரத்து ஐநூறு திர்ஹாம் வரணும்னு கூட இருந்தவங்க கணக்குப் போட்டுக் கொடுத்தாங்க."

இப்படி வருபவர்களிடம் முதலில் தொகையைப் பேசமாட்டேன். வேலை எந்தத் தேதியில் முடிந்தது என்றுதான் கேட்பேன். அமீரகத் தொழிலாளர் சட்டத்தில் 2024-இல் வந்த திருத்தத்தின்படி, வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும். முன்பு ஒரே ஆண்டுதான். ஊருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. இவர் 1.3.2021-இல் சேர்ந்து 28.2.2025-இல் விலகியவர்.

அடுத்தது கணக்கு. ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 900 திர்ஹாம், படிகள் 600, ஆக 1,500. மூன்று மாதப் பாக்கி முழுச் சம்பளத்தில்தான்: 4,500. பணிக்கொடையில்தான் பலரும் தவறுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று இவருக்கும் சொல்லியிருந்தார்கள். உண்மையில் முதல் ஐந்து ஆண்டுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள்தான். அதுவும் அடிப்படைச் சம்பளத்தில். 900-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 30. நான்கு ஆண்டுக்கு 84 நாள், 2,520 திர்ஹாம். எடுக்காத விடுப்பு 40 நாளுக்கும் அடிப்படைச் சம்பளமே: 1,200. மொத்தம் 8,220.

அவர் முகம் வாடியது. "நாலாயிரத்துக்கு மேல குறையுதே மேடம்."

"குறையலை அண்ணே. உங்களுக்குச் சட்டப்படி வர வேண்டியதே இவ்வளவுதான். கூட்டிக் கேட்டா, மத்த கணக்கையும் அவங்க சந்தேகப்படுவாங்க."

பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றைச் சொன்னார். விமானம் ஏறும் முன், எல்லாப் பணமும் பெற்றுக்கொண்டேன் என்ற தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் டிக்கெட் இல்லை என்றார்களாம். எனக்குக் கோபம் வந்த இடம் இது. சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினால் அங்கே அது செல்லாது. ஆனாலும் கையெழுத்து அவருடையது. அதற்கு எதிராகச் சான்று காட்ட வேண்டும். அமீரகத்தில் சம்பளம் அரசு கண்காணிக்கும் முறை வழியாக வங்கிக் கணக்கிலோ கார்டிலோதான் ஏற வேண்டும். கடைசி மூன்று மாதமும் கார்டில் ஒன்றும் ஏறவில்லை என்று கணக்கு அறிக்கை காட்டினால், கம்பெனிதான் பதில் சொல்லியாக வேண்டும். போனில் போர்மேன் அனுப்பிய செய்தியும் இருந்தது: அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம். அதைத் தேதி தெரியப் படம் எடுத்து வைத்தோம்.

இங்கே உள்ள நீதிமன்றம் அந்தக் கம்பெனிக்கு உத்தரவு போட முடியாது. அதை அவரிடம் ஒளிக்கவில்லை. புகார் அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்துக்குத்தான் போக வேண்டும். முதலில் சமரசம் பேசுவார்கள். கோரிக்கை 50,000 திர்ஹாமுக்குள் இருப்பதால், சமரசம் ஆகாவிட்டால் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லலாம். அதை ஏற்காதவர் நீதிமன்றம் போகலாம். வீட்டு வேலைக்குப் போனவர்களுக்குச் சட்டம் வேறு.

அவர் மறுபடி விமானம் ஏறத் தேவையில்லை. ஷார்ஜாவில் இருக்கும் சகலை பெயரில் அதிகாரப் பத்திரம் எழுதினோம். நோட்டரி, மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என வரிசையாகச் சான்று வாங்கி, அங்கே அரபியில் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். அலைச்சலும் செலவும் இதில்தான் அதிகம், தாமதமும் இதில்தான். புகார் கொடுக்க, ஆஜராக, சமரசம் பேச என்று ஒவ்வொரு அதிகாரத்தையும் தனித்தனியாக எழுதினோம். பணம் மட்டும் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று சேர்த்தோம். சொந்தக்காரர் என்றாலும் இந்த வரியை விடாதீர்கள். கூடவே இந்தியத் தூதரகத்துக்கு 'மதத்' இணையதளம் வழியாக மனுவும் போட்டோம்.

வெளிநாட்டில் இருப்பவர்கள், சிம்மை விடும் முன்பே கார்டின் கணக்கு அறிக்கையையும் ஒப்பந்தத்தின் படத்தையும் ஊருக்கு அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்துவிட்டவர்கள் 15100-ஐ அழைத்துச் சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமான வரம்புக்குக் கீழ் உள்ளவர்கள் கட்டணம் தர வேண்டியதில்லை.

அவருடைய பத்திரம் இப்போது சான்றுக்காகப் போயிருக்கிறது. கோப்பின் மேலட்டையில் 27.2.2027-க்குள் என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.