கடைசி வரியில் மட்டும்

இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 288ஏ என்றொரு சிறிய பிரிவு உண்டு. ஒருவருடைய மொத்த வருமானத்தைக் கணக்கிட்டு முடித்த பிறகு, அதைப் பத்து ரூபாயின் மடங்காக முழுதாக்க வேண்டும் என்கிறது அது. ஆடிட்டர் அலுவலகங்களில் இதை ‘ரவுண்ட் ஆஃப்’ என்பார்கள். முதலில் பைசாவை விட்டுவிட வேண்டும். மீதமுள்ள ரூபாயின் கடைசி இலக்கம் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த பத்துக்கு ஏற்ற வேண்டும். ஐந்துக்குக் கீழே இருந்தால் முந்தைய பத்துக்கு இறக்க வேண்டும். இப்படிக் கிடைக்கும் தொகைதான் சட்டத்தின் கண்ணில் அவருடைய மொத்த வருமானம். 288பி என்ற அடுத்த பிரிவு, கடைசியில் கட்ட வேண்டிய தொகைக்கும் திரும்பி வர வேண்டிய ரீஃபண்டுக்கும் இதேபோல் பத்தின் மடங்கு முறையை வைக்கிறது.

இரண்டு பிரிவுகளும் கணக்கின் முடிவில் வரும் தொகையைப் பற்றியே பேசுகின்றன. சம்பளம், வட்டி, கழிவு என்று இடையில் வரும் தொகைகளைப் பத்து பத்தாக முழுதாக்கச் சொல்லவில்லை. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை, ஒரு ஜூனியர் அக்கவுன்டன்ட் ரிட்டர்ன் தாக்கலுக்கு முன்பு பிடித்த பிழை ஒன்றைக் கதையாக வைத்துப் பார்க்கலாம்.

கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். 2025 செப்டம்பர் முதல் வாரம். 2024-25 நிதியாண்டுக்கான ரிட்டர்ன்களுக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான பெண் ஒருத்தியிடம் ஒரு கோப்பு வருகிறது. அறுபது வயதைத் தாண்டாத, மாதச் சம்பளக்காரர் ஒருவருடைய கோப்பு. சொந்த வீட்டுக்குக் கடன் வாங்கியிருக்கிறார். வங்கியில் வைப்புநிதி வைத்திருக்கிறார். கழிவுகள் நிறைய இருப்பதால் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். புதிய முறைக்குப் போனால் அந்த ஆண்டு 35,000 ரூபாய்க்கு மேல் வரி வரும். கணக்குத் தாள் ஏற்கெனவே எக்செல்லில் போடப்பட்டுவிட்டது. தாளையும் ஆதாரங்களையும் ஒப்பிட்டு டிக் அடிப்பது மட்டுமே அவள் வேலை.

தாளில் இருந்த கணக்கு இது:

சம்பளம் (நிலைக் கழிவும் தொழில் வரியும் போக): 8,26,330
வைப்புநிதி வட்டி: 41,240
கழிக்க, வீட்டுக் கடன் வட்டி: 1,99,340
கழிக்க, 80சி சேமிப்பு: 1,50,000
கழிக்க, 80டி மருத்துவக் காப்பீடு: 18,220
மொத்த வருமானம்: 5,00,010

கூட்டலிலும் கழித்தலிலும் தவறு இல்லை. டிக் அடிக்கும்போதுதான் சிக்கல் தெரிந்தது. வருமான வரித் துறையின் தளத்தில் ஒவ்வொருவருக்கும் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கும். வங்கிகளும் நிறுவனங்களும் அனுப்பும் விவரங்கள் அதில் சேர்ந்திருக்கும். அதில் வட்டி 41,237 ரூபாய் என்று இருந்தது, தாளில் 41,240. மூன்று ரூபாய் கூடுதல். பென்சில் அங்கேயே நின்றது.

“சார், பேங்க் வட்டி மூணு ரூபா இடிக்குது.”

“ரவுண்ட் ஆஃப் பண்ணியிருப்பாங்கம்மா. மூணு ரூபாதானே?”

“எல்லாமே பூஜ்யத்துல முடியுது சார். சம்பளம்கூட.”

பிழையின் அடையாளத்தை அவளே சொல்லிவிட்டாள். நடைமுறையில் வரும் தொகைகளின் கடைசி இலக்கம் எதுவாகவும் இருக்கலாம். 80சி பிரிவின் உச்சவரம்பான 1,50,000 போன்ற ஒன்றிரண்டு எண்கள் பூஜ்யத்தில் முடிவது இயல்புதான். ஐந்து தொகைகளும் பூஜ்யத்தில் முடிந்தால் யாரோ, எங்கோ முழுதாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அவள் வட்டித் தொகை இருந்த கட்டத்தைச் சொடுக்கினாள். மேலே சூத்திரப் பட்டையில் இப்படி இருந்தது:

```
=ROUND(B5,-1)
```

பக்கத்துப் பத்தியான B5-இல் உண்மையான 41,237 இருக்கிறது. இந்தச் சூத்திரம் அதைப் பத்தின் மடங்காக்கி அடுத்த பத்திக்குக் கொண்டுவருகிறது. எக்செல்லில் இலக்கங்கள் மாறித் தெரிய இரண்டு வழிகள் உண்டு. கட்டத்தின் வடிவமைப்பை மாற்றினால், எடுத்துக்காட்டாகப் பைசாவை மறைத்தால், கண்ணுக்குத் தெரிவது மட்டும் மாறும். உள்ளே இருக்கும் எண் அப்படியே இருந்து கூட்டலுக்குப் போகும். `ROUND` போட்டால் எண்ணே மாறிவிடும். கூட்டலுக்குப் போவதும் மாறிய எண்தான். சூத்திரப் பட்டையைப் பார்த்தால் இரண்டில் எது நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தத் தாளில் எல்லா வரிகளிலும் `ROUND` இருந்தது. ‘பத்துக்கு ரவுண்ட் ஆஃப்’ என்ற விதியை யாரோ ஒவ்வொரு வரிக்கும் உரியதாக எடுத்துக்கொண்டு இந்தத் தாளை அமைத்திருக்கிறார்கள்.

அவள் உண்மைத் தொகைகளை ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாள். ஃபார்ம் 16-ஐ வைத்துப் பார்த்தால் சம்பளம் 8,26,326. அதோடு வட்டி 41,237 சேர்ந்தால் 8,67,563. வங்கிச் சான்றின்படி வீட்டுக் கடன் வட்டி 1,99,342. அதைக் கழித்தால் 6,68,221. 80சி போக 5,18,221. காப்பீட்டு ரசீதில் உள்ள 18,217-ஐயும் கழித்தால் 5,00,004. கடைசி இலக்கம் நான்கு. 288ஏ பிரிவின்படி அது இறங்கி 5,00,000 ஆகிறது.

ஆறு ரூபாய் எங்கிருந்து வந்தது என்றும் அந்தத் தாளிலேயே தெரிந்தது. சம்பளம் நான்கு ரூபாய் ஏறியிருக்கிறது. வட்டி மூன்று ரூபாய் ஏறியிருக்கிறது. வீட்டுக் கடன் வட்டி இரண்டு ரூபாய் இறங்கியிருக்கிறது. அது கழிவு என்பதால் அதன் இறக்கம் வருமானத்தில் ஏற்றமாகிறது. காப்பீட்டுத் தொகை மட்டும் மூன்று ரூபாய் ஏறி வருமானத்தைக் குறைத்திருக்கிறது. நான்கும் மூன்றும் இரண்டும் ஒன்பது. மூன்று போக ஆறு. ஒவ்வொரு வரியிலும் அதிகபட்சம் ஐந்து ரூபாய்தான் பிசகும். பெரும்பாலான கோப்புகளில் ஏற்றமும் இறக்கமும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அதனால்தான் இப்படிப்பட்ட தாள்கள் பல கோப்புகளுக்கு ஓடியும் யார் கண்ணிலும் படுவதில்லை.

சாதாரண இடத்தில் பத்து ரூபாய் வருமானம் கூடினால், 20 சதவீத அடுக்கிலும் வரி இரண்டு ரூபாய்தான் கூடும். ஆனால் இந்தக் கோப்பின் வருமானம் ஐந்து லட்சத்தின் விளிம்பில் நின்றது. பழைய முறையில் முதல் 2,50,000 ரூபாய்க்கு வரி இல்லை. அடுத்த 2,50,000-க்கு 5 சதவீதம், அதாவது 12,500 ரூபாய். மொத்த வருமானம் 5,00,000-ஐத் தாண்டாதவருக்கு 87ஏ பிரிவு இந்த 12,500 முழுவதையும் தள்ளுபடி செய்கிறது. தாண்டிவிட்டால், தாண்டியது பத்து ரூபாயே ஆனாலும், தள்ளுபடியில் ஒரு ரூபாயும் கிடையாது.

தாளில் இருந்தபடி 5,00,010 என்று தாக்கல் செய்தால் வரி 12,500-உம் மேல் பத்து ரூபாய்க்கு 2 ரூபாயும் சேர்ந்து 12,502. அதன்மேல் 4 சதவீத செஸ் 500 ரூபாய். மொத்தம் 13,002. வைப்புநிதி வட்டியில் வங்கி 10 சதவீதம், அதாவது 4,124 ரூபாய், டிடிஎஸ் பிடித்திருக்கிறது. அதைக் கழித்தால் 8,878. 288பி-யின்படி 8,880 ரூபாய் கட்ட வேண்டும். சரியான கணக்கின்படி வருமானம் 5,00,000. வரி முழுவதும் தள்ளுபடி. வங்கி பிடித்த 4,124, பத்தின் மடங்காகி, 4,120 ரூபாய் ரீஃபண்டாக வரும். கையிலிருந்து போகவிருந்த 8,880-உம் வராமல் போகவிருந்த 4,120-உம் சேர்ந்து 13,000 ரூபாய். ஆறு ரூபாய்ப் பிசகின் விலை அது.

புதிய வரிமுறையில் இந்தச் சரிவு இவ்வளவு செங்குத்தாக இல்லை. அதே ஆண்டில் அங்கே தள்ளுபடிக்கான எல்லை 7,00,000 ரூபாய். அதைச் சற்றே தாண்டுபவரின் வரி, தாண்டிய தொகையை மிஞ்சக் கூடாது என்ற விளிம்பு நிவாரணம் அங்கே உண்டு. 7,00,010 வருமானம் உள்ளவருக்கு, செஸ் சேர்க்கும் முன், வரி பத்து ரூபாய்தான். பழைய முறையில் ஐந்து லட்சம் எல்லைக்கு அந்த நிவாரணம் இல்லை.

தாக்கலுக்குப் பிறகு இந்தப் பிழை தானாக வெளிப்படும் வாய்ப்பும் குறைவு. வட்டியைக் குறைத்துக் காட்டினால் ஏஐஎஸ்ஸோடு ஒப்பிடும்போது துறைக்குத் தெரியவரும். இங்கே காட்டப்பட்ட வட்டியோ உண்மையைவிட மூன்று ரூபாய் அதிகம்; வரியும் கூடுதல். துறை கேள்வி கேட்கக் காரணம் இல்லை. தளத்தில் எண்களை உள்ளிடும்போதும் கணினி காப்பாற்றாது. உள்ளிட்ட எண்களைச் சரியாகக் கூட்டி, கடைசியில் சரியாக முழுதாக்கும். உள்ளிட்டது ஏற்கெனவே முழுதாக்கப்பட்ட எண் என்று அதற்குத் தெரியாது. பின்னால் யாராவது கண்டுபிடித்தால், 2025 டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போடலாம்.

அந்தக் கோப்பில் செய்த திருத்தம் சிறியது. வரிகளில் இருந்த சூத்திரங்கள் நீங்கின. உண்மைத் தொகைகள் நேராகக் கூட்டலுக்குப் போயின. பைசாவை விட்டுவிட்டுப் பத்தின் மடங்காக்கும் வேலை மொத்த வருமானக் கட்டத்தில் மட்டும் நின்றது:

```
=ROUND(TRUNC(C10),-1)
```

முழுதாக்குவதற்கு முந்தைய 5,00,004 மறையாமல் அதற்கு மேல் வரியிலேயே தெரியும்படி வைக்கப்பட்டது. சரிபார்ப்பவர் பார்க்க வேண்டிய எண் அதுதான்; எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை அது காட்டும். பிறகு சீனியர், அதே தாளில் போட்ட மற்றக் கோப்புகளை எடுத்துவரச் சொன்னார்.

இந்தத் திருத்தம் யாருக்கும் சலுகை தேடித் தருவதில்லை. ஆதாரங்களின்படி மொத்தம் 5,00,005 என்று வந்திருந்தால், சட்டப்படி அது 5,00,010-க்கு ஏறியிருக்கும். 13,002 ரூபாய் வரியும் நியாயமாகவே வந்திருக்கும். உண்மை வருமானம் 5,00,006 ஆக இருந்து, அந்தப் பழைய தாள் அதை 5,00,000 என்று காட்டியிருந்தால், திருத்தம் வரியைக் கூட்டியிருக்கும். அந்தப் பெண் கண்டுபிடித்துச் சரிசெய்தது எண்களின் வரிசையைத்தான்: முதலில் உள்ளது உள்ளபடி கூட்டல், பிறகு கழித்தல், கடைசி வரியில் ஒருமுறை முழுதாக்கல்.