ஐஸ் கட்டி வேண்டாம், பழமே உறையட்டும்

மில்க்‌ஷேக் கொஞ்ச நேரத்தில் மேலே நுரை, அடியில் தண்ணீர் என்று பிரிந்துவிடுகிறதா? பெரும்பாலும் ஐஸ் கட்டிதான் காரணம். அது உருகி பாலை நீர்க்கச் செய்கிறது.

அதற்குப் பதில் பழத்தையே உறைய வைக்கலாம். தோலில் கரும்புள்ளி விழுந்த பச்சை வாழைப்பழம் இரண்டை வில்லைகளாக நறுக்கி, முந்தின இரவே ஃப்ரீசரில் வையுங்கள். காய்ப்பதம் இருந்தால் மாவுச்சுவை தட்டும்.

காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டிய பால் 300 மில்லி போதும். முதலில் கால் பங்கு பாலும் சர்க்கரையும் சேர்த்து, மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டுங்கள். பால் அதிகமானால் துண்டுகள் பிளேடுக்குச் சிக்காமல் மிதக்கும். விழுது வழவழவென்று ஆனதும் மீதிப் பாலை ஊற்றி, பத்தே விநாடி சுற்றுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் சூடும் நுரையும்தான் மிச்சம்.