412 என்ற பிழை

ஒரு குட்டிக்கதை. ஆய்விதழிலிருந்து மதிப்பீட்டுக்கு வந்த கட்டுரையில் எழுதியவர் பெயர் இல்லை. இரு தரப்புக்கும் பெயரை மறைக்கும் முறை அது. ஏரி வண்டல் பற்றிய நாலாம் பக்க அட்டவணையில் மதிப்பீட்டாளர் நின்றுவிட்டார். கூட்டினால் 421 வர வேண்டும், இருந்தது 412. இரண்டு வருஷத்துக்கு முன் நண்பர் படிக்கக் கொடுத்த, அச்சேறாத பிரதியின் நகலில் இதே பிழையை இவரே பென்சிலால் சுழித்திருந்தார்.

ஒரே துறைக்காரர்களுக்கு ஒரே சொற்கள் வந்துவிடலாம். ஒரே தப்பு வருவது அபூர்வம்.

கை தானாக போனுக்குப் போனது. நல்லவேளை, பேசவில்லை. மதிப்பீட்டுக்கு வந்ததை வெளியில் சொல்லக்கூடாது. அதோடு, எழுதியவர் அந்த நண்பரேயாக இருந்தால்? பெயர் மறைந்திருக்கும்போது திருட்டும் சொந்தச் சரக்கும் பார்வைக்கு ஒன்றுதான்.

ஆகவே, பெயர் தெரிந்த இதழாசிரியருக்கு எழுதினார்: எந்தப் பத்திகள் ஒத்திருக்கின்றன, பழைய பிரதி எப்போது கைக்கு வந்தது, அதை எழுதியவர் தன் நண்பர் என்பது. யார்மேலும் குற்றம் சாட்டவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது: "அனுப்பியவர் உங்கள் நண்பரல்ல. விளக்கம் கேட்டிருக்கிறோம். மதிப்பீட்டை நிறுத்திவையுங்கள், பழைய நகல் இருந்தால் அனுப்புங்கள்."

அவர் அலமாரியைக் குடைய ஆரம்பித்தார்.