எல்இடி திரையில் ஓர் எண்ணை மாற்றுவது எப்படி?

மேடையின் பின்புறம் நிற்கும் எல்இடி திரையைப் படம் எடுத்தால், நேரில் அவ்வளவாகத் தெரியாத இரண்டு விஷயங்கள் படத்தில் வந்து சேரும். ஒன்று, திரை முழுக்க ஓடும் நிறப் பட்டைகள். இவற்றுக்கு மொய்ரே என்று பெயர். இன்னொன்று, எழுத்துகளைச் சுற்றிப் படரும் ஒளிக்கசிவு. விழா மலருக்காகவோ விளம்பரத்துக்காகவோ அந்தப் படத்தில் உள்ள ஓர் எழுத்தைத் திருத்தும்போது, வேலையைக் காட்டிக்கொடுப்பவை இந்த இரண்டும்தான். எழுத்தின் வடிவமும் நிறமும் அச்சு அசலாக இருந்தாலும், பட்டைகள் அறுந்து நிற்கும் இடமும் கசிவே இல்லாத விளிம்பும் ஒட்டுப்போட்டதைச் சொல்லிவிடும். (செய்திப் படத்தில் இந்த வேலைக்கே இடமில்லை, அங்கே பிழையைப் படக்குறிப்பில்தான் சொல்ல வேண்டும்.)

மொய்ரே எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டு கொசுவலைத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால், எந்தத் துணியிலும் இல்லாத அலைகள் தோன்றும். இங்கே ஒரு வலை, திரையில் வரிசையாக நிற்கும் எல்இடி புள்ளிகள். இன்னொரு வலை, கேமரா சென்சாரின் மேல் பதிந்திருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். பெரும்பாலான கேமராக்களில் சிவப்பு வடிகட்டி ஒரு வரிசையில் இரண்டு பிக்சலுக்கு ஒருமுறைதான் வரும், நீலமும் அப்படித்தான். எல்இடி புள்ளிகளின் இடைவெளி, படத்தில் ஏறக்குறைய இரண்டு பிக்சலாக விழுந்துவிட்டால் இரண்டு வலைகளும் ஒத்தும் ஒவ்வாமலும் போய்ப் பட்டைகள் பிறக்கின்றன. சிவப்பும் நீலமும் ஒரு பிக்சல் தள்ளி இருப்பதால், சிவப்பு தூக்கலாகத் தெரியும் இடத்தில் நீலம் மங்கும். அடுத்த பாதியில் நிலைமை தலைகீழாகும்.

8 மீட்டர் அகலத் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாடகைக்குக் கிடைக்கும் 500 மில்லிமீட்டர் கேபினெட்டுகளில், ஒரு பக்கத்துக்கு 128 புள்ளிகள் கொண்டவை சாதாரணமாகப் புழக்கத்தில் உள்ளன. 16 கேபினெட் சேர்ந்தால் குறுக்கே 2048 புள்ளிகள். படத்தில் அந்தத் திரை 4800 பிக்சல் அகலத்துக்கு விழுந்திருந்தால், ஒரு புள்ளிக்குச் சுமார் 2.34 பிக்சல். கணக்குப் போட்டால் ஒரு பட்டையின் அகலம் 14 பிக்சலுக்குச் சற்றுக் குறைவாக வரும். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து. தேதியில் 14 என்று இருப்பதை 15 ஆக்க வேண்டும். அதாவது 4-ஐ நீக்கி 5-ஐ வைக்க வேண்டும்.

முதல் விதி, படத்தின் பிக்சல்களை அசைக்கக் கூடாது. சாய்வை நேராக்குவது, லென்ஸ் வளைவைத் திருத்துவது, அளவைக் குறைப்பது எல்லாமே பட்டைகளின் வடிவத்தை மாற்றிவிடும். ரா கோப்பைத் திறக்கும்போது மொய்ரே நீக்கும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். திரையைப் பார்ப்பதும் 100 சதவீத அளவில்தான். 50 சதவீதத்துக்குச் சுருக்கிப் பார்த்தால், கோப்பில் இல்லாத புதுப் பட்டைகள் கணினித் திரையில் தோன்றி ஏமாற்றும்.

அடுத்தது பழைய 4-ஐ மறைக்கும் வேலை. அதன் இடத்தில் பக்கத்து நீலப் பின்னணியை நகலெடுத்து வைக்கலாம். ஆனால் எவ்வளவு தூரம் நகர்த்துவது என்பதில்தான் சூட்சுமம். நகர்த்தும் தூரம் எல்இடி புள்ளிகளுக்கும் முழு எண்ணாக வர வேண்டும், வடிகட்டி வரிசைக்கும் இரட்டைப்படையாக வர வேண்டும். மேலே சொன்ன படத்தில் 150 பிக்சல் நகர்த்தினால் சரியாக 64 புள்ளிகள், 11 பட்டைகள், எல்லாம் பொருந்திவிடும். 75 பிக்சலும் புள்ளிக் கணக்கில் முழுசாக 32 வரும், ஆனால் பட்டை ஐந்தரையாகிவிடும். பிரகாசமான பட்டை நிற்க வேண்டிய இடத்தில் மங்கிய பட்டை வந்து நிற்கும். நடைமுறையில் இந்தக் கணக்கை யாரும் முழுசாகப் போடுவதில்லை. நகலை மேல் லேயரில் வைத்து Difference முறைக்கு மாற்றி, ஒவ்வொரு பிக்சலாகத் தள்ளிப் பார்த்தால், பொருந்தும் இடத்தில் அந்தப் பகுதி ஏறக்குறைய கறுத்துவிடும். கேமரா திரையைப் பக்கவாட்டில் சாய்ந்து பார்த்திருந்தால் பட்டையின் அகலம் இடமிருந்து வலமாக மாறிக்கொண்டே போகும். அப்போது நகலை மேலிருந்தோ கீழிருந்தோதான் எடுக்க வேண்டும்.

புதிய 5-க்குள் என்ன பட்டை வைப்பது? பின்னணியில் இருந்து எடுத்தால் தவறு. நீலப் பின்னணியில் நீல எல்இடி மட்டுமே எரிகிறது. வெள்ளை எழுத்தில் மூன்றும் எரிகின்றன. ஆகவே வெள்ளைக்குள் சிவப்பும் நீலமும் மாறி மாறி வரும். பின்னணியில் அது இராது. வெள்ளையின் பட்டையை அதே வரியில் இருக்கும் தடித்த எழுத்து ஒன்றின் உட்பகுதியில் இருந்துதான் எடுக்க வேண்டும். அந்தப் பகுதியின் நகல் ஒன்றை 15 பிக்சல் அளவுக்கு பிளர் செய்து, அசலை அதனால் Divide முறையில் வகுத்தால், வெளிச்சம் விலகிப் பட்டையும் புள்ளியும் மட்டும் மிஞ்சும். எழுத்தின் விளிம்பை ஒட்டிய இடத்தில் இந்தக் கணக்கு கெட்டுவிடும் என்பதால் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. 5-ஐ வெற்று வெள்ளையாக வரைந்து, அதன் விளிம்பைச் சுமார் ஒரு பிக்சல் மென்மையாக்கி, மிஞ்சிய அந்தப் பட்டையை முன்போலவே பொருத்தி Multiply முறையில் அதன்மேல் பெருக்கினால், பட்டை எழுத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ற அளவில் அமர்ந்துவிடும். அசல் எழுத்துகள் அதிக வெளிச்சத்தில் வெளுத்து 255-ஐத் தொட்டிருந்தால் அவற்றுக்குள் பட்டையே இருக்காது. புதிய எழுத்துக்கும் வைக்கக் கூடாது.

ஒளிக்கசிவின் இயல்பு வேறு. அது லென்ஸுக்குள்ளேயே சிதறி மங்கிய பிறகுதான் சென்சாரை அடைகிறது. அதனால் அதில் புள்ளியும் இல்லை, பட்டையும் இல்லை. பட்டையைப் பெருக்க வேண்டும், கசிவைக் கூட்ட வேண்டும். இந்த வரிசை மாறினால் கசிவுக்குள்ளும் கோடு விழுந்து படம் கெட்டுவிடும். பழைய 4-இன் கசிவும் போயிருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; எழுத்து போன பிறகும் அதன் மூட்டம் மட்டும் காற்றில் நிற்கும். நீக்கும் பகுதியை எழுத்தின் விளிம்போடு நிறுத்தாமல், கசிவு தேயும் வரை விரிக்க வேண்டும். நகல் எடுக்கும் இடமும் எந்த எழுத்தின் கசிவும் எட்டாத இடமாக இருப்பது நல்லது. பிறகு 5-இன் நகல் இரண்டை எடுத்து, ஒன்றை 4 பிக்சலுக்கும் இன்னொன்றை 40 பிக்சலுக்கும் பிளர் செய்து, Addition முறையில் மேலே சேர்க்கலாம். எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு அந்தப் படமே அளவுகோல். தொடாமல் விட்ட 1-இன் ஓரத்தில் இருந்து 5, 20, 50 பிக்சல் தூரத்தில் நிற மதிப்புகளைப் பார்த்து, 5-இன் ஓரத்திலும் அதே வேகத்தில் குறைகிறதா என்று ஒப்பிட வேண்டும். இந்தக் கூட்டல் நேரியல் ஒளியில், 32 பிட்டில் நடந்தால்தான் கணக்கு சரியாக வரும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளின் 2.10 பதிப்பில் இருந்தே அதற்கு வசதி உண்டு.

சரிபார்க்க நீல வண்ணத் தடத்தை மட்டும் தனியாகத் திறந்து, மாறுபாட்டைக் கூட்டிப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுகள் அங்கே வெளிவரும். கடைசிச் சோதனை, படத்தை அச்சாகும் அளவுக்குச் சுருக்குவது. சுருக்கும்போது எல்இடி புள்ளிகள் புது மொய்ரேயை உண்டாக்கலாம். புள்ளி வரிசை சரியாகப் பொருந்தியிருந்தால் அந்தப் புதுப் பட்டையும் 5-இன் மேல் தடையில்லாமல் ஓடும். அரைப் புள்ளி விலகியிருந்தாலும் பட்டை அந்த இடத்தில் ஒடியும். பெரிய அளவில் தெரியாத பிழை சிறிய அளவில் தெரிந்துவிடும். அப்போது திருத்த வேண்டியது சுருக்கிய படத்தை அல்ல, அசல் அளவில் நகல் வைத்த இடத்தை.