பீக்கரில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள்?

நாகப்பட்டினம் மாவட்டத்தின் கடலோர நெல்வயல் ஒன்றிலிருந்து எடுத்த மண், இளநிலை வேளாண் மாணவி ஒருவரின் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கிராம் மண்ணை 50 மில்லி தண்ணீரில் கலக்கி, மின் கடத்துதிறனை அளக்கிறார். மீட்டருக்கு 1.20 டெசி சைமன்ஸ் என்கிற அளவு கிடைக்கிறது. பாடநூலைப் புரட்டினால், 4 டெசி சைமன்ஸுக்கு மேல் போனால்தான் உவர் மண் என்றிருக்கிறது. 1.20 அதற்கு எவ்வளவோ கீழே. ‘இம்மண்ணில் உப்புச் சிக்கல் இல்லை’ என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி முடிக்கிறார்.

அளந்தது சரி, கருவியும் சரி. முடிவுதான் தவறு. அந்த வயலில் நட்ட நெல் நுனி கருகி நிற்கக்கூடும்.

தவறு தண்ணீரில் இருக்கிறது. 4 என்ற வரம்பைப் பரவலாக்கியது, அமெரிக்காவின் ரிவர்சைடில் உள்ள உவர்மண் ஆய்வகம் 1954-ல் வெளியிட்ட கையேடு. அங்கே மண்ணைக் கூழ் போலக் குழையும் அளவுக்கு மட்டும் நனைத்து, அதிலிருந்து உறிஞ்சி எடுத்த நீரில் அளந்தார்கள். நம் மாணவியின் பீக்கரிலோ அதைப்போலப் பல மடங்கு தண்ணீர். உப்பு அதேதான், கரைசல் நீர்த்துவிட்டது. ஒரு கூழின் வரம்பை ஒரு நீர்க்கரைசலுக்குப் பொருத்திவிட்டார். இந்த ஒரு குழப்பத்தைத் தவிர்க்கும்படி ரெக்கார்டு நோட்டை எப்படி எழுதுவது என்று, அதே மண்ணை வைத்துத் தலைப்பு தலைப்பாகப் பார்க்கலாம்.

நோக்கமும் தத்துவமும்

நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதலாம்: ‘கொடுக்கப்பட்ட மண் மாதிரியின் கார அமில நிலையையும் மின் கடத்துதிறனையும் 1:2.5 மண்-நீர்க் கலவையில் அளந்தறிதல்.’ அந்த விகிதம் நோக்கத்திலேயே இடம்பெற வேண்டும். பின்னால் வரும் எல்லா எண்களும் அதைப் பொறுத்தவை.

தத்துவத்துக்கு இரண்டு பத்தி போதும். கார அமில நிலை என்பது கரைசலில் உள்ள ஹைட்ரஜன் அயனிகளின் அளவைச் சொல்வது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சன் 1909-ல் இந்த அளவுகோலை வகுத்தார். இதில் ஒரு படி என்பது பத்து மடங்கு. 7-லிருந்து 8-க்குப் போனால் ஹைட்ரஜன் அயனி பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. கண்ணாடி மின்முனை அந்த அயனிகளால் உண்டாகும் மின்னழுத்தத்தை உணர்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு படிக்கு ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மாறும்.

மின் கடத்துதிறன் இன்னும் எளிது. தூய நீர் மின்சாரத்தை அரிதாகவே கடத்தும். உப்பு கரைந்தால் அதன் அயனிகள் மின்னோட்டத்தைச் சுமந்து செல்லும். அதிக உப்பு, அதிக ஓட்டம். எந்த உப்பு என்பது மட்டும் இந்தக் கருவிக்குத் தெரியாது. சோடியமா, கால்சியமா என்று அது பிரித்துச் சொல்லாது. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொண்டால் கடைசியில் உதவும்.

செய்முறை: எதை முதலில் அளப்பது?

வயலின் பல இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை எடுத்துக் கலந்த மண்ணை நிழலில் உலர்த்தி, மரச் சுத்தியால் கட்டிகளை உடைத்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக்கொள்ள வேண்டும். அதில் 20 கிராம் எடுத்து, 50 மில்லி காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுவிட்டுக் கண்ணாடிக் குச்சியால் கலக்க வேண்டும். இதுவரை யாருக்கும் சிரமம் வருவதில்லை.

சிரமம் அடுத்த படியில். பல மாணவர்கள் கலக்கிய உடனே பி.எச். மின்முனையை முக்கி அளந்துவிட்டு, அதே பீக்கரைத் தெளிய வைத்து, பிறகு மின் கடத்துதிறனை அளக்கிறார்கள். பி.எச். மின்முனைக்குள் செறிவான பொட்டாசியம் குளோரைடு கரைசல் இருக்கிறது. அளக்கும்போது அது நுண்துளை வழியே சிறிது சிறிதாக வெளியே கசிந்தாக வேண்டும். கசியாவிட்டால் மின்முனை வேலையே செய்யாது. கசிந்த உப்பு நம் பீக்கரில்தான் சேரும். கடலோர மண்ணில் அது பெரிதாகத் தெரியாது. நீலகிரித் தேயிலைத் தோட்டத்து அமில மண்ணைப் போல உப்பு மிகக் குறைந்த மாதிரியில், அந்தக் கசிவே அளவீட்டைக் கூட்டிக்காட்டும்.

ஆகவே மின் கடத்துதிறன் முதலில், தெளிந்த மேல்நீரில். பிறகு மீண்டும் கலக்கி கார அமில நிலை. நேரம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி பீக்கர் இன்னும் நல்லது. சந்தேகம் இருப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். பி.எச். மின்முனையை முக்குவதற்கு முன்பும், பத்து நிமிடம் முக்கி வைத்த பின்பும் கடத்துதிறனை அளந்தால் வித்தியாசம் கண்முன் தெரியும்.

கருவிகளைச் சரிபார்த்ததையும் எழுத வேண்டும். பி.எச். மீட்டருக்கு 7.0 பஃபரும், காரப் பக்கத்துக்கு 9.2 பஃபரும், அமில மண் என்றால் 9.2-க்குப் பதில் 4.0. கடத்துதிறன் மீட்டருக்கு 0.01 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல். அது 25 டிகிரியில் 1.41 டெசி சைமன்ஸ் காட்ட வேண்டும். மின்முனையை அழுத்தித் துடைக்காமல், மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதை வெறும் காய்ச்சி வடித்த நீரில் போட்டுவைப்பது கூடாது. உள்ளிருக்கும் உப்பு வெளியேறி மின்முனை கெட்டுவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலிலேயே வைக்க வேண்டும்.

பி.எச். அளக்கும்போது மின்முனையின் நுனி எங்கே நிற்கிறது என்பதும் கணக்கில் உண்டு. அடியில் படிந்த வண்டலில் ஓர் எண்ணும் மேலே தெளிந்த நீரில் வேறோர் எண்ணும் வரலாம். கலங்கிய நிலையில் அளப்பது என்று முடிவு செய்தால் எல்லா மாதிரிக்கும் அப்படியே செய்ய வேண்டும்.

பதிவும் கணக்கும்

நம் மாணவியின் பதிவைத் திருத்தி எழுதுவோம். மூன்று பீக்கர்களில் கடத்துதிறன் 1.36, 1.38, 1.37, சராசரி 1.37. கார அமில நிலை 8.1, 8.2, 8.1, ஒரு தசம இடத்துக்கு 8.1. கரைசலின் வெப்பம் 32 டிகிரி. மீட்டரில் தானியங்கி வெப்பத் திருத்தம் இல்லை.

வெப்பம் ஏற ஏற அயனிகள் வேகமாக நகரும். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கடத்துதிறன் கூடும். நாகப்பட்டினத்துக் கோடையில் அளந்ததையும் கொடைக்கானலில் அளந்ததையும் ஒப்பிட வேண்டுமானால் இரண்டையும் 25 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும்:

EC25 = ECt / (1 + 0.02 × (t − 25))

1.37-ஐ 1.14-ஆல் வகுத்தால் 1.20. அவருடைய 1.20 இப்படித்தான் வந்தது. மீட்டர் தானே திருத்தம் செய்யும் வகை என்றால் இந்தக் கணக்கை மறுபடி செய்யக் கூடாது. செய்தால் இரட்டைத் திருத்தமாகிவிடும். அலகையும் பார்த்து எழுத வேண்டும். திரையில் 1200 µS/cm என்றால் அது 1.20 mS/cm, அதுவே ஒரு மீட்டருக்கு 1.20 டெசி சைமன்ஸ்.

இப்போது தண்ணீர்க் கணக்கு. இந்த மண் ஒரு களிமண் கலந்த வண்டல் என்றும், 100 கிராம் மண்ணைக் கூழாக்க 50 மில்லி நீர் பிடிக்கிறது என்றும் கொள்வோம். பீக்கரில் 100 கிராமுக்கு 250 மில்லி வீதம் நீர் இருந்தது. கூழைவிட ஐந்து மடங்கு நீர். உப்பு முழுவதும் இரண்டிலும் கரைந்திருக்கிறது என்றால், கூழ்நீரில் கடத்துதிறன் ஏறத்தாழ 6 டெசி சைமன்ஸ். 4 என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. நெல்லின் விளைச்சல் கூழ்நீரில் 3-க்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 சதவீதம் குறைவதாகப் பரவலாகப் பயன்படும் பயிர் அட்டவணை சொல்கிறது. 6 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழப்பு.

இதே 1.20 ஒரு மணற்பாங்கான நிலத்தில் வந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். மணலைக் கூழாக்க 100 கிராமுக்கு 25 மில்லி போதும் என்றால் பத்து மடங்கு, அதாவது 12.

இந்தக் கணக்கு ஒரு மதிப்பீடுதான் என்பதையும் நோட்டில் எழுத வேண்டும். ஜிப்சம் உள்ள மண்ணில், அதிக நீர் ஊற்றும்போது கூழில் கரையாமல் கிடந்த ஜிப்சமும் கரைந்துவிடும். அங்கே ஐந்தால் பெருக்கினால் உண்மையைவிட மிகுதியான எண் கிடைக்கும். உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கூழ் செய்து, நீரை உறிஞ்சி எடுத்து அளப்பதே வழி.

விவாதம்: உவரா, களரா?

தமிழ் உழவர்கள் உவர் நிலத்தையும் களர் நிலத்தையும் இரண்டு பெயரால் அழைக்கிறார்கள். மண்ணியலிலும் அவை இரண்டே. உவரில் கரையும் உப்பு மிகுதி. கார அமில நிலை பொதுவாக 8.5-க்குக் கீழே. களரில் கரையும் உப்பு குறைவாக இருக்கலாம், ஆனால் களித்துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டும். 8.1-ம் மதிப்பிட்ட 6-ம் சேர்ந்து இந்த மாதிரியை உவர் என்று காட்டுகின்றன. 1:2.5 கலவையில் கார அமில நிலை கூழில் இருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வரும் என்பதால், அந்த முடிவு இன்னும் வலுப்படுகிறது.

பீக்கரே இதற்கு ஒரு சாட்சி. உப்பு மிகுந்த கரைசலில் களித்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு சீக்கிரம் அடியில் படியும். மேல்நீர் தெளிவாக நிற்கும். களர் மண்ணில் சோடியம் துகள்களைப் பிரித்துவிடுவதால் மணிக்கணக்கில் கலங்கியே கிடக்கும். வயலில் தண்ணீர் இறங்காமல் தேங்கிச் சேறாவதும் அதே காரணத்தால்தான். பெரும்பாலான ரெக்கார்டு நோட்டுகளில் இந்த வரி இருப்பதில்லை. எழுதுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

பரிகாரமும் இங்கேதான் பிரிகிறது. உவருக்கு வடிகால் அமைத்து நல்ல நீரால் உப்பைக் கழுவினால் போதும். களரைக் கழுவினால் மட்டும் போதாது. கால்சியம் தர ஜிப்சம் இட்டு, சோடியத்தை இடம்பெயர்த்த பிறகே கழுவ வேண்டும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது நாகப்பட்டினத்து வயல்களில் புகுந்த கடல்நீரின் கடத்துதிறன் சுமார் 50 டெசி சைமன்ஸ். அதில் உப்பும் சோடியமும் சேர்ந்தே வந்தன. அப்படிப்பட்ட மண்ணில் கரைந்த உப்பு மட்டும் மழையில் வெளியேறி, ஒட்டிய சோடியம் தங்கிவிட்டால், கடத்துதிறன் இறங்கும்போதே கார அமில நிலை ஏறத் தொடங்கும். எந்த உப்பு என்று மீட்டருக்குத் தெரியாது என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். மாற்றீட்டுச் சோடியத்தைத் தனியாக அளக்காமல் ஜிப்சம் அளவை முடிவுசெய்யக் கூடாது என்று விவாதப் பகுதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

மாதிரி எடுத்த தேதியும் அதே பகுதிக்கு உரியது. மே மாதத்தில் ஈரம் ஆவியாகும்போது அடிமண்ணின் உப்பு மேலே ஏறி வெள்ளையாகப் பூக்கும்; வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் அது கீழே இறங்கியிருக்கும். ஒரே வயல், ஒரே 15 சென்டிமீட்டர், இரண்டு வேறு எண்கள். ஆகவே மாணவியின் முடிவு வரி இப்படி மாறுகிறது: ‘மே மாதத்தில் 0–15 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி, 1:2.5 மண்-நீர்க் கலவையில் கார அமில நிலை 8.1, மின் கடத்துதிறன் 25 டிகிரியில் 1.20 டெசி சைமன்ஸ்/மீட்டர், கூழ்நீருக்கு மதிப்பீடு சுமார் 6, மேல்நீர் தெளிவு, உவர் மண்ணாக இருக்கக்கூடும், கூழ்நீர்ச் சோதனை தேவை.’