4 என்று காட்டியது; மீதி எங்கே?

ஒரே கேள்விக்கு ஒரு மாணவர் 51.43 ஆம்பியர் என்று எழுதியிருந்தார். அடுத்த விடைத்தாளில் 57.5 ஆம்பியர். இருவரும் எடுத்த சூத்திரம் ஒன்றுதான், போட்ட எண்களும் ஒன்றுதான். விசாரித்தபோது, இருவர் கையிலும் இருந்த கால்குலேட்டரும் கேசியோ 991 எம்எஸ்தான் என்று தெரிந்தது.

கணக்கு இது. 3+4i ஓம், 8−6i ஓம் என்ற இரண்டு மின்மறுப்புகள் பக்க இணைப்பில் இருக்கின்றன. 230 வோல்ட் கொடுத்தால் மொத்த மின்னோட்டம் எவ்வளவு? (மின்னியல்காரர்கள் j என்று எழுதுவதைத்தான் கால்குலேட்டர் i என்கிறது.) இரண்டையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பெருக்கினால் 48+14i, கூட்டினால் 11−2i, வகுத்தால் 4+2i. இதன் அளவு 4.472 ஓம். 230-ஐ அதனால் வகுத்தால் 51.43.

991 எம்எஸ்ஸில் இதைத் தட்டி = அழுத்தினால் திரையில் வருவது வெறும் 4. மேல் மூலையில் R⇔I என்று பொடி எழுத்தில் ஓர் அடையாளம் நிற்கும். ‘இது மெய்ப்பகுதி மட்டும்தான், கற்பனைப்பகுதி உள்ளே இருக்கிறது’ என்று அர்த்தம். SHIFT தட்டி மறுபடி = அழுத்தினால்தான் 2i வெளியே வரும். இரண்டாவது மாணவர் அந்த அடையாளத்தைப் பார்க்கவில்லை. 4 ஓம் என்றே எடுத்துக்கொண்டு 230-ஐ 4-ஆல் வகுத்துவிட்டார். இருபடிச் சமன்பாட்டிலும் இதே பள்ளம் உண்டு. x²−4x+13=0 என்று கொடுத்தால் முதலில் 2 என்றுதான் காட்டும். மூலங்கள் 2+3i, 2−3i என்பது அடையாளத்தைக் கவனித்தவருக்கே தெரியும்.

991 இஎஸ் பிளஸ் மாடலில் இதே கணக்குக்கு 4+2i என்று முழு விடையும் ஒரே வரியில் வந்துவிடும். இரண்டு மாடல்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கிற பெற்றோரிடம் நான் சொல்வது இந்த ஒரு கணக்கைத்தான். பெட்டியின் மேல் 401 செயல்பாடு, 417 செயல்பாடு என்று போட்டிருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆனால் மாடலுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தத் தேர்வு? தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலோ, கணக்குப்பதிவியல் தாளைத் தவிர பன்னிரண்டிலோ பொதுத்தேர்வுக்குக் கால்குலேட்டர் எடுத்துப் போக முடியாது, மடக்கை அட்டவணைதான். நீட், ஜேஇஇ இரண்டிலும் கூடாது. ஆகவே பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விலை உயர்ந்த அறிவியல் கால்குலேட்டர் வாங்கிக் கொடுப்பது, மடக்கை அட்டவணையில் விரலை ஓட்டும் பழக்கத்தைக் கெடுத்து வைப்பதில்தான் முடியும். கேட் தேர்விலும் நம்முடையது உள்ளே போகாது. கணினித் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தருவார்கள், அதைச் சுட்டியால்தான் தட்ட வேண்டும். அதில் சிக்கலெண் வசதியும் கிடையாது. மேலே சொன்ன 4+2i கணக்கை அங்கே கையால் பிரித்துத்தான் போட வேண்டும். சி.ஏ. தேர்வு இதற்கு நேர்மாறு. கால்குலேட்டர் உண்டு, ஆனால் 12 இலக்கம், 6 செயல், 2 நினைவகம் என்ற வரம்புக்குள் இருக்கும் கடைக்காரர் கால்குலேட்டர் மட்டும்தான். சைன், காஸ் உள்ளதைக் கொண்டுபோனால் வெளியே வைக்கச் சொல்வார்கள்.

மிச்சம் இருப்பது பாலிடெக்னிக்கும் பொறியியலும் அறிவியல் பட்டப்படிப்பும். இங்கே பொதுவாக உள்ள விதி ‘நிரலேற்ற முடியாத கால்குலேட்டர்’ என்பது. நிரலேற்றம் என்றால் ஒரு கணக்கின் படிகளை வரிசையாகச் சேமித்துவைத்து, பிறகு ஒரே அழுத்தில் ஓடவிடுவது. அப்படிப்பட்ட கால்குலேட்டரில் சூத்திரங்களையும் பதுக்கலாம் என்பதால்தான் தடை. கேசியோவிலேயே 5800 பி, 3650 பி இரண்டும் நிரலேற்றக்கூடியவை. விசைகளில் எங்காவது Prog என்று அச்சிட்டிருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வரைபடம் காட்டும் பெரிய திரை மாடல்களும் இங்கே வேண்டாம்.

991 எம்எஸ்ஸிலும் A, B, C என்று எண்களைச் சேமிக்கலாமே, அது நிரல் ஆகாதா என்று சில மாணவர்கள் கேட்பார்கள். ஆகாது. அதில் எண் மட்டும்தான் தங்கும், படிகள் தங்காது. நாம் தட்டிய சூத்திரத்தில் வேறு வேறு மதிப்பைப் போட்டுப் பார்க்கும் CALC விசையும் அப்படித்தான். பயன்முறையை மாற்றினாலோ அணைத்தாலோ சூத்திரம் போய்விடும்.

விதி ஒரு பக்கம், தேர்வறைக் கண்காணிப்பாளர் இன்னொரு பக்கம். கியூஆர் குறியீடு காட்டும் 991 இஎக்ஸ், அதற்கு அடுத்து வந்த 991 சிடபிள்யூ இரண்டும் நிரலேற்ற முடியாதவைதான். அந்தக் குறியீட்டைப் படிக்கக் கைபேசி வேண்டும், கால்குலேட்டர் தானாக எதோடும் பேசாது. இருந்தாலும் சில கல்லூரிகள் எம்எஸ், இஎஸ் வரிசைகளை மட்டும் பெயர் சொல்லி அனுமதிக்கின்றன. பழகாத மாடலைப் பார்த்துக் கண்காணிப்பாளர் தயங்கினால், மூன்று மணி நேரத் தேர்வில் அந்த வாக்குவாதத்துக்கு நேரம் ஏது? வாங்குவதற்கு முன் துறை அலுவலகத்தில் சுற்றறிக்கையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சீனியர் சொன்னார் என்பது போதாது. அவர் படித்த ஒழுங்குமுறை வேறாக இருக்கும்.

என் கணிப்பில் தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவருக்கு 991 இஎஸ் பிளஸ் போதும். விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும், நாலு வருஷம் தாங்கும். பின்னமும் வர்க்கமூலமும் தொகையீடும் புத்தகத்தில் இருப்பதுபோலவே திரையில் தெரிவதால், அடைப்புக்குறியை விட்டுவிடும் பிழை குறையும். எக்ஸ் வரிசை 4×4 அணி வரை போகும், இஎஸ் 3×3-இல் நின்றுவிடும். ஆனால் தேர்வில் கையால் படி எழுதிக் காட்டச் சொல்லும் அணிகள் பெரும்பாலும் 3×3-தான். அண்ணனோ அக்காவோ கொடுத்த 991 எம்எஸ் வீட்டில் இருந்தால் புதிதாக வாங்கவே வேண்டாம். 82 எம்எஸ் மட்டும் வேண்டாம். விலை குறைவுதான், ஆனால் சிக்கலெண், அணி, சமன்பாடு எதுவும் அதில் இல்லை. முதல் செமஸ்டர் முடிவதற்குள் இன்னொன்று வாங்க ஓட வேண்டியிருக்கும்.

எந்த மாடலானாலும் மதிப்பெண்ணை அதிகம் தின்பது கோண அலகு. திரையின் மேலே D, R, G என்று சின்னதாக ஓர் எழுத்து நிற்கும். 0 முதல் π/2 வரை sin x-இன் தொகையீடு 1 என்பது எல்லோருக்கும் தெரியும். கால்குலேட்டர் D-யில் இருக்கும்போது இதையே கேட்டால் 0.0215 என்று சொல்லும். கருவியில் பழுது இல்லை. π/2-ஐ 1.57 டிகிரி என்று எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். விடை 1 என்று தெரிந்த கணக்கில் பிழை உடனே பிடிபடும். தெரியாத கணக்கில் 0.0215-ஐ அப்படியே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். நுண்கணிதத் தாள் என்றால் R, மின்சுற்றுத் தாள் என்றால் D என்று, கேள்வித்தாளை வாங்குவதற்கு முன்பே வைத்துவிடுங்கள்.

அடுத்தது வகுத்தல். மின்தேக்கியின் மறுப்பு 1/(2πfC). f 50, C 100 மைக்ரோஃபாரட் என்றால் விடை 31.83 ஓம். இதை 1÷2×π×50×100×10⁻⁶ என்று இழுத்துக்கொண்டே போனால் 0.00785 வரும். முதல் 2-ஆல் மட்டும் வகுத்துவிட்டு மற்றதையெல்லாம் பெருக்கிவிடும். பெருக்கல் குறி போடாமல் 2π என்று ஒட்டி எழுதினால் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். 6÷2(1+2) என்பதற்கு 991 இஎக்ஸ் தானாகவே ஓர் அடைப்புக்குறி சேர்த்துக்கொண்டு 1 என்கிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஐ-84 மாடல் 9 என்கிறது. யார் சரி என்று விவாதித்துக்கொண்டிருக்காமல், கீழே உள்ளதை முழுக்க அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

கடையில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. சந்தையில் போலி அதிகம். அட்டைப் பெட்டியையும் எழுத்தையும் அச்சு அசலாகச் செய்துவிடுகிறார்கள், உள்ளே இருக்கும் சில்லு மட்டும் வேறு. 991 இஎஸ் பிளஸ் வாங்கும்போது π−3.141592653 என்று தட்டுங்கள். அசல் மாடல் π-ஐத் திரையில் பத்து இலக்கமாகக் காட்டினாலும், உள்ளே 3.14159265358980 என்று 15 இலக்கம் வைத்துக் கணக்கிடுகிறது. ஆகவே விடை 5.898×10⁻¹⁰ என்று வர வேண்டும். வேறு எண் வந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சரியாக வந்துவிட்டதாலேயே அசல் என்று ஆகிவிடாது; அதனால் ரசீதும் உத்தரவாத அட்டையும் கேட்டு வாங்குங்கள்.

991 எம்எஸ், 991 இஎஸ் பிளஸ் இரண்டிலும் சூரியத் தகடும் ஒரு எல்ஆர்44 பொத்தான் பேட்டரியும் உண்டு. தகடு இருக்கிறதே என்று பேட்டரியை மறந்துவிடுவார்கள். வெளிச்சம் குறைந்த தேர்வறையில் எழுத்து மங்கும், அல்லது தட்டியதும் மறையும். வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். எழுத்து மங்கினால் பேட்டரி முடியப்போகிறது. மங்காவிட்டாலும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுவது நல்லது.

விடை எப்படியோ வருகிறது, காரணம் பிடிபடவில்லை என்றால் அமைப்புகளை ஆதிநிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இஎஸ் பிளஸ்ஸில் SHIFT, 9, 3, =, AC; எம்எஸ்ஸில் SHIFT, MODE, 3, =. இரவல் கால்குலேட்டர் கைக்கு வந்ததும் முதல் வேலை இதுதான். இதைச் செய்ததும் கோண அலகு D-க்குப் போய்விடும் என்பது நினைவிருக்கட்டும்.

தேர்வுக்கு முந்தைய வாரம் புது மாடலுக்கு மட்டும் மாறாதீர்கள். சிடபிள்யூவில் விசைகள் இருக்கும் இடமே மாறியிருக்கிறது, பழைய விரல் பழக்கம் அதில் செல்லாது. கையில் பழைய 991 எம்எஸ் இருக்கிறதா, அதோடு தாராளமாகப் போகலாம். வலது மேல் மூலையில் R⇔I தெரிகிறதா என்று ஒவ்வொரு விடைக்கும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.