இரண்டும் சமன், ஒன்றுதான் சரி

பிளஸ் ஒன் வேதியியல் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் இந்தச் சமன்பாடு எப்படியும் ஒரு தாளிலாவது கண்ணில் படும்.

2MnO₄⁻ + H₂O₂ + 6H⁺ → 2Mn²⁺ + 3O₂ + 4H₂O

மாங்கனீசு இரண்டுக்கு இரண்டு. ஹைட்ரஜன் எட்டுக்கு எட்டு. ஆக்சிஜன் பத்துக்குப் பத்து. மின்சுமையும் இருபக்கமும் +4. எண்ணிப் பார்த்தால் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் விடை தவறு. எழுதிய பிள்ளை குணகங்களை மாற்றி மாற்றிப் போட்டு, எல்லாம் பொருந்தும்வரை பாடுபட்டிருக்கும். அந்த உழைப்புக்கு மதிப்பெண் போட முடியவில்லையே என்று ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படும். ஏன் தவறு என்று புரிந்துவிட்டால், அரைவினை முறை எதற்காக இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

கேள்வி இதுதான்: பெர்மாங்கனேட் அயனி ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிகிறது. அமில ஊடகத்தில் Mn²⁺ அயனியும் ஆக்சிஜனும், கார ஊடகத்தில் MnO₂ வீழ்படிவும் ஆக்சிஜனும் கிடைக்கின்றன. இரண்டு வினைகளையும் அயனி-எலக்ட்ரான் முறையில் சமன் செய்க.

விளைபொருள்களைக் கேள்வியே சொல்லிவிடுகிறது. அது சலுகை அல்ல. என்ன உண்டாகும் என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும், எந்தச் சமன்படுத்தும் முறையும் அதைக் கண்டுபிடித்துத் தராது.

முதலில் அமில ஊடகம். வினையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எலக்ட்ரானை வாங்குவது ஒரு பாதி, கொடுப்பது இன்னொரு பாதி. பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் +7. அது +2 ஆக இறங்குகிறது, ஆகவே இது ஒடுக்கம். பெராக்சைடில் ஆக்சிஜன் −1, அது சுழியத்துக்கு ஏறுகிறது, இது ஆக்சிஜனேற்றம்.

ஒடுக்கப் பாதியை எடுத்துக்கொள்வோம். MnO₄⁻ → Mn²⁺ என்று எழுதினால் மாங்கனீசு சரி, இடப்பக்கத்து நான்கு ஆக்சிஜனுக்கு வலப்பக்கம் ஈடு இல்லை. வினை நீரில் நடக்கிறது, எனவே நான்கு H₂O சேர்க்கிறோம். இப்போது வலப்பக்கம் எட்டு ஹைட்ரஜன் வந்துவிட்டது. கரைசலில் அமிலம் இருப்பதால் இடப்பக்கம் 8H⁺ சேர்க்கலாம். அணுக்கள் சமன். மின்சுமையைப் பார்த்தால் இடப்பக்கம் −1 + 8 = +7, வலப்பக்கம் +2. இடப்பக்கம் ஐந்து எலக்ட்ரான் வைத்தால் அதுவும் +2 ஆகிவிடும்.

MnO₄⁻ + 8H⁺ + 5e⁻ → Mn²⁺ + 4H₂O

ஆக்சிஜனேற்ற எண் 7-இலிருந்து 2-க்கு இறங்கியது, வித்தியாசம் ஐந்து. எலக்ட்ரானும் ஐந்துதான். இந்த இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்று தவறைத் தேட வேண்டும், மேலே போகக் கூடாது.

அடுத்த பாதி சிறியது.

H₂O₂ → O₂ + 2H⁺ + 2e⁻

வாங்குவது ஐந்து, கொடுப்பது இரண்டு. கொடுக்கல் வாங்கல் நேராக வேண்டுமானால் முதல் பாதியை 2-ஆலும் அடுத்ததை 5-ஆலும் பெருக்க வேண்டும். பத்துக்குப் பத்து எலக்ட்ரான் நீங்கிவிடும். இடப்பக்கத்து 16H⁺-இல் வலப்பக்கத்து 10H⁺ கழிந்து ஆறு மிஞ்சும்.

2MnO₄⁻ + 5H₂O₂ + 6H⁺ → 2Mn²⁺ + 5O₂ + 8H₂O

விடைத்தாளில் பார்த்த சமன்பாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலும் இரண்டு மாங்கனீசுக்குப் பத்து எலக்ட்ரான் தேவை. ஆனால் அங்கே இருக்கும் ஒரே ஒரு பெராக்சைடு மூலக்கூறு கொடுக்கக்கூடியது இரண்டுதான். மீதி எட்டு எங்கிருந்து வரும்? ஒரு பெராக்சைடில் இருப்பது இரண்டு ஆக்சிஜன் அணு, அதிலிருந்து ஒரு O₂ தான் கிடைக்கும். மூன்று O₂ வேண்டுமென்றால் மற்ற இரண்டும் பெர்மாங்கனேட்டிலிருந்தோ நீரிலிருந்தோ வர வேண்டும். இந்த வினையில் அப்படி நடப்பதில்லை, வெளிவரும் ஆக்சிஜன் பெராக்சைடுடையதுதான்.

அப்படியானால் கணக்கு மட்டும் எப்படிப் பொருந்தியது? ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகவே சிதையும்: 2H₂O₂ → 2H₂O + O₂. இது தனியாகவே சமனான சமன்பாடு. சமனான ஒன்றோடு சமனான இன்னொன்றை எத்தனை முறை கூட்டினாலும் கழித்தாலும் வருவது சமனாகத்தான் இருக்கும். சரியான விடையிலிருந்து இதை ஒருமுறை கழித்தால் பெராக்சைடின் குணகம் 3, இருமுறை கழித்தால் 1. ஒருமுறை கூட்டினால் 7. எல்லாமே எண்ணிக்கையில் பொருந்தும். அதனால்தான் இந்த வினைக்குக் குணகங்களை மாற்றிப் போட்டுப் பார்க்கும் வழி உதவாது. எந்த எலக்ட்ரான் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பாதி பாதியாகக் கணக்கு வைத்தால் மட்டுமே 2-க்கு 5 என்ற ஒரே விகிதம் நிற்கும்.

காகிதத்தில் நம்பிக்கை வராதவர்களுக்கு பியூரெட் இருக்கிறது. 0.05 M ஹைட்ரஜன் பெராக்சைடு 20 மி.லி. எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டால் அதில் ஒரு மில்லிமோல் பெராக்சைடு இருக்கும். நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 0.02 M பெர்மாங்கனேட்டைப் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சொட்டுகளின் ஊதா நிறம் மறையச் சற்று நேரம் பிடிக்கும். கொஞ்சம் Mn²⁺ உண்டானதும் அதுவே வினையூக்கியாகி, பிறகு விழுந்தவுடன் நிறம் போய்விடும். மெல்லிய இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்து நின்றால் முடிவு நிலை. சரியான சமன்பாட்டின்படி 0.4 மில்லிமோல் பெர்மாங்கனேட் வேண்டும், அதாவது 20 மி.லி. தவறான சமன்பாட்டின்படி 2 மில்லிமோல், அதாவது 100 மி.லி. 50 மி.லி. பியூரெட்டை இரண்டு முறை நிரப்ப வேண்டியிருக்கும். உண்மையில் 20 மி.லி. பக்கத்திலேயே நிறம் நின்றுவிடுகிறது.

இந்தச் சோதனையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது. அதன் குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றிவிடும், அளவு கூடிவிடும். நைட்ரிக் அமிலமும் கூடாது, அதுவே ஆக்சிஜனேற்றி. கந்தக அமிலத்தையே குறைவாக ஊற்றிவிட்டால் குடுவையில் பழுப்புக் கலங்கல் தோன்றும். அந்தப் பழுப்புதான் MnO₂, கேள்வியின் இரண்டாம் பாகம்.

கார ஊடகத்தில் H⁺ எழுதக் கூடாது, ஏனென்றால் அங்கே அது இருப்பதே மிகச் சொற்பம். இருந்தாலும் அமிலம் என்றே நினைத்து ஆரம்பித்து, கடைசியில் மாற்றிக்கொள்வது எளிது. ஏழிலிருந்து நான்குக்கு இறங்குவதால் எலக்ட்ரான் மூன்று.

MnO₄⁻ + 4H⁺ + 3e⁻ → MnO₂ + 2H₂O

நான்கு H⁺ இருக்கிறது, ஆகவே இருபக்கமும் நான்கு OH⁻ சேர்க்கிறோம். பலர் இடப்பக்கம் மட்டும் சேர்த்துவிடுவார்கள், மின்சுமை கெடும் இடம் இதுதான். இடப்பக்கம் H⁺-உம் OH⁻-உம் சேர்ந்து நான்கு நீர் ஆகும். அதில் வலப்பக்கத்து இரண்டு நீர் கழியும்.

MnO₄⁻ + 2H₂O + 3e⁻ → MnO₂ + 4OH⁻

பெராக்சைடுக்கும் அதே வழி, இருபக்கமும் இரண்டு OH⁻.

H₂O₂ + 2OH⁻ → O₂ + 2H₂O + 2e⁻

மூன்றும் இரண்டும், ஆகவே முதலாவதை 2-ஆல், இரண்டாவதை 3-ஆல் பெருக்கிக் கூட்டுகிறோம். இடப்பக்கத்து 6OH⁻ வலப்பக்கத்து எட்டில் கழிய, அங்கே இரண்டு மிஞ்சும். நீரில் இடப்பக்கத்து நான்கு வலப்பக்கத்து ஆறில் கழிய, அங்கேயும் இரண்டு.

2MnO₄⁻ + 3H₂O₂ → 2MnO₂ + 3O₂ + 2OH⁻ + 2H₂O

ஆக்சிஜன் 14-க்கு 14, ஹைட்ரஜன் ஆறுக்கு ஆறு, மின்சுமை இருபக்கமும் −2. கழிக்காமல் நீரையும் OH⁻-யையும் இருபக்கமும் விட்டுவைத்த விடைகளைப் பார்த்திருக்கிறேன். கடைசி வரியை எழுதியதும் ஒரே பொருள் அம்புக்குறியின் இருபுறமும் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதோடு, இங்கே மூன்று O₂-உம் மூன்று பெராக்சைடிலிருந்தே வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.